படகு இல்லாதவனுக்கு மூன்று மணிக் காற்று

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருவதைப் பற்றி அழகாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். அமைதியாம், தனிமையாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க் கசப்பும், வியர்வையில் ஊறிய தலையணையும், பக்கத்தில் தூங்குகிற மனைவி மேல் வருகிற கோபமும்தான். அவள் இறால் கம்பெனியில் நாள் முழுக்க நின்று தோல் உரித்துவிட்டு வந்து படுத்தவள். அவள் மூச்சு சீராக வருவதே என்னைக் குத்திக்காட்டுவதுபோல் இருக்கும். அதற்குக் கோபப்படுகிறவன் எவ்வளவு கேவலமான ஆள் என்பதும் அந்த நேரத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

நான் விசைப்படகு ஓட்டியவன். விடியும் முன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற தொழில். மூன்று மணிக்கு எழுந்து எழுந்தே பாதி ஆயுள் போனது. இடுப்பு கெட்டதும் படகை அக்காள் மகனுக்கு விற்றுவிட்டு, கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவராகச் சேர்ந்தேன். முன்பு ஐஸ் வண்டி ஓட்டிய லைசென்ஸ் கையில் இருந்தது. இப்போது ஆறு மணிக்கு எழுந்தால் போதும். ஆனால் கண் மட்டும் மூன்று மணிக்கே திறந்துகொண்டது. அதன் பிறகு மூடவில்லை.

வெளியே சொன்னது என் தப்பு. எதிர்வீட்டுக்காரர் அது பேய் நடமாடுகிற நேரம் என்று சொல்லி, மந்திரித்த எண்ணெய் ஒரு குப்பி கொண்டு வந்து வைத்தார். டீக்கடை அண்ணாச்சியோ அது சாமி கும்பிட உகந்த நேரம், கொடுத்து வைத்தவன் நீ என்றார். ஒரே மணிக்குப் பேயும் வருகிறது, சாமியும் வருகிறது, தூக்கம்தான் வரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜாதிக்காய், கசகசா, வெந்நீரில் கால் என்று வந்து குவிந்தது. அனுப்பியவர்களில் ஒருவருக்கும் தூக்கக் குறை கிடையாது.

நானாகக் கண்டுபிடித்த மருந்து இன்னும் அசிங்கம். சில நாள் வேனை விட்டு வந்ததும் பிராந்தி ஒரு கட்டிங். படுத்ததும் கல்லைப்போல் தூங்குவேன். ஆனால் போதை வடிகிற நேரத்துக்குச் சரியாக விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும், நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டும், இரண்டு தரம் ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கும். குடிக்காத நாளில் மூன்று மணிக்கு விழித்தேன் என்றால் குடித்த நாளில் இரண்டரைக்கே விழித்தேன். அது போதாதென்று மெடிக்கல் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரன் சீட்டு எதுவும் கேட்காமல், சளிக்குப் போடுகிற மாத்திரை ஒரு அட்டையை நீட்டி, நல்லா அசத்தும் என்றான். அசத்தத்தான் செய்தது. காலையிலும் தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல இருக்கும். அந்தத் தலையோடுதான் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன்.

ஒரு சாயங்காலம் ரயில்வே கேட்டில் வேன் நின்றது. சரக்கு ரயில் போனது. பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது தோளில் விழுந்த அடி. கேட் திறந்து, முன்னால் நின்ற லாரி போய்விட்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆயா என் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றிருந்த நேரத்தில் தூங்கினேன், ஓடுகிற நேரத்தில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். முன் சீட்டில் இருந்த யூகேஜிப் பிள்ளை ஒன்று சிரித்தது.

கடைசிப் பிள்ளையை இறக்கிய பிறகு ஆயா சொன்னாள்: "அண்ணே, நான் சிஸ்டர்ட்ட சொல்லத்தான் செய்வேன். நீங்க கோவப்பட்டாலும் பரவால்ல."

கோபப்பட்டேன். கண்டபடி பேசினேன். அவள் இறங்கி நேராகப் போய்ச் சொன்னாள். அவள் செய்ததுதான் சரி.

சிஸ்டர் சத்தம் போடவில்லை. சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். டாக்டரைப் பார்த்துச் சரியானால் சாவி திரும்ப வரும், இல்லையென்றால் வேறு டிரைவர். அவ்வளவுதான் பேச்சு. கடலும் போய், இந்த வேனும் போனால், மனைவி உரிக்கிற இறாலை நம்பி வீட்டில் உட்கார வேண்டும். அந்த நினைப்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனைவியும் கூட வந்தாள். நான் பொய் சொல்வேன் என்று தெரிந்தே வந்தாள். டாக்டரம்மா சர்க்கரை, பிரஷர் இரண்டையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. ராத்திரி எத்தனை தரம் ஒண்ணுக்குப் போகிறேன், குறட்டை நடுவில் மூச்சு அடைக்கிறதா, டீ எத்தனை, எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எட்டரைக்கே படுத்துவிடுவேன், மத்தியானம் காலி வேனில் இரண்டு மணி நேரம் தூங்குவேன், சாயங்காலம் இரண்டு டீ என்றேன். குடியை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். மாத்திரை அட்டையையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள். டாக்டரம்மா அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இதைப் போட்டு, மேலே பிராந்தியும் ஊற்றிக்கொண்டா ஸ்கூல் வேன் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

"முழிச்சதும் என்ன பண்ணுவீங்க?" என்றார் டாக்டரம்மா.

சும்மா படுத்திருப்பேன் என்றேன்.

"எங்க சும்மா படுக்காக?" என்றாள் மனைவி. "லைட்டைப் போட்டு, கட்டஞ்சாயா வச்சுக் குடிச்சிட்டு, மொட்டை மாடிக்குப் போய்க் காத்துப் பாக்காக டாக்டர். ஒரு விரலை எச்சியில நனைச்சுத் தூக்கிப் பிடிச்சிட்டு. அப்புறம் போன்ல காத்து மேப்பு. அப்புறம் அக்கா மகனுக்குப் போனு."

"சொந்தமா படகு வச்சிருக்கீங்களா?"

"வித்தாச்சு," என்றாள் அவளே.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். விழிப்பு எல்லாருக்கும் வரும், விடியும் பக்கம் தூக்கம் மெலிந்துவிடும், மற்றவர்கள் புரண்டு படுத்து மறந்துவிடுவார்கள் என்றார். நானோ விழித்த உடம்புக்கு வெளிச்சம், டீ, வேலை மூன்றையும் கொடுத்துப் பகல் ஆக்குகிறேன். அது நாளைக்கும் அதே நேரத்துக்கு வந்து நிற்காமல் என்ன செய்யும் என்று கேட்டார். பிறகு, மனசு எப்படி இருக்கிறது, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா என்றார். ஒன்றுமில்லை என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். இது சரியாகாமல் போனால் அதையும் பேசத்தான் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி வைத்தார்.

மருந்து எதுவும் எழுதவில்லை. குடியும் அந்த மாத்திரையும் அறவே கூடாது. நான் தினமும் குடித்தவன் இல்லை என்பதை மனைவியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் உடனே நிறுத்தச் சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு டீ கிடையாது. பகல் தூக்கம் அரைமணிக்குள். தூக்கம் வந்தால்தான் படுக்கை, எவ்வளவு கெட்ட ராத்திரியாக இருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். விழித்தால் மணி பார்க்கக் கூடாது. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். எரிச்சல் வந்தால் புரளாமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சுவாரஸ்யமே இல்லாத ஏதாவது செய்து, கண் சொருகும்போது திரும்பிப் படுக்க வேண்டும். தலை தெளியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், அக்காள் மகனிடம் இனி என்னை எதிர்பார்க்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு நான் சொன்னால்தான் கிளம்ப முடியும் என்று நம்பியிருந்தேன். கச்சான் அடிக்கிற மாதங்கள். அந்த மேல்காற்று ஏறுகிறதா தணிகிறதா என்று தெரியாமல் போனால் வெறும் வலையோடு திரும்ப வேண்டியதுதான்.

துறைமுகத்தில் படகுகள் ஒதுங்கிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் இன்ஜின் அறையிலிருந்து கரிக்கையோடு ஏறி வந்தான். டாக்டர் சொல்லிவிட்டார், இனி காற்று நிலவரத்துக்கு என்னை எதிர்பார்க்காதே என்றேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "மாமா, நாங்க எங்க கேட்டோம்? நீங்கதான கூப்பிடுதிய."

படகின் முன்பக்கம், அணியத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "அவன் எங்க கேட்டான்? போனை எடுத்து, வலை இழுக்குற வீஞ்சுப்பெட்டி மேல வச்சிருவான். நீரு பாட்டுக்குப் பேசிட்டிருப்பீரு. நாங்க ஐஸ் ஏத்திட்டிருப்போம்."

"ஏலே, சும்மா கெட," என்றான் அக்காள் மகன். பிறகு என்னிடம், "மனசு கஷ்டப்படுவியன்னுதான் மாமா எடுப்போம்," என்றான்.

ஒரு டீ வாங்கித் தந்தான். சாயங்கால டீ கூடாது என்பது நினைவில் இருந்தும் குடித்தேன். வீடு வரும் வழியெல்லாம் உடம்பு கூசியது. எச்சில் நனைத்த விரலைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நின்ற ஆளை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தூக்கத்தைக் கொடுத்து நான் பார்த்துச் சொன்ன காற்றை, அது வேண்டாதவர்கள் இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்று இரவு போனை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். சுவர்க் கடிகாரத்தையும் கழற்றினேன்.

முதல் வாரம் முன்பைவிட மோசம். விழித்தேன். மூச்சை நீளமாக விட்டேன். விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பு பிராந்தி கேட்டது. அடுப்படியில் குறைந்த வெளிச்சத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டை வாசித்தேன். வீட்டில் அதைவிடச் சுவாரஸ்யம் இல்லாதது எதுவும் கிடைக்கவில்லை. அதை எழுதியவன் தமிழை எங்கே படித்தானோ தெரியவில்லை. ஆனால் மூன்றாம் பக்கம் தாண்டும் முன் கண் சொருகியது. சில நாள் சொருகவில்லை; அப்படியும் ஆறு மணிக்கு எழுந்தேன். பகலில் கண் எரிந்தும் படுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மெல்ல மாறியது. விழிப்பு நிற்கவில்லை, நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். விழித்தால் ஜன்னலில் கச்சான் இரைவது கேட்கும். ஏறுகிறதா தணிகிறதா என்று கேட்டமாத்திரத்தில் தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதும் தெரியும். திரும்பிப் படுப்பேன். பல நாள் அடுத்த சத்தம் குக்கர் விசிலாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம். இந்தத் தடவை மனசு எப்படி என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. துறைமுகத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பகல் தூக்கமும் மயக்கமும் விட்டதா என்று என்னிடமும் மனைவியிடமும் கேட்டுவிட்டுத்தான் வண்டி ஓட்டலாம் என்று எழுதித் தந்தார். சிஸ்டர் அதை இரண்டு தரம் படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

ஆயாவை இப்போது என் பின் சீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். ரயில்வே கேட்டில் வேன் நின்றால் கண்ணாடியில் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கட்டும்.