புகார் இல்லாத யார்டு

ராயபுரத்தில், கண்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் விற்ற ஒரு சின்ன கம்பெனியில் நான் சப்போர்ட் பார்த்தேன். பிராட்பேண்ட் வந்த புதிது. ஒரே வருஷத்தில் மூன்று யார்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் எங்களை விட்டுப் போயின. "இன்னொண்ணு போச்சுன்னா சப்போர்ட்டுக்கு ஆள் வெச்சுக்க முடியாதும்மா" என்றார் முதலாளி. ஆள் என்றால் நான் ஒருத்திதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போகப்போகிறவர்களை முன்கூட்டியே பிடிப்பது என்று எக்செல்லில் மார்க் ஷீட் போட்டேன். தினமும் ஏற்றும் லாரிப் பதிவுகளுக்கு நாற்பது, புகார் இல்லையென்றால் முப்பது, பணம் நாள் தவறாமல் வந்தால் முப்பது. ஐம்பதுக்குக் கீழே சிவப்பு. வாரத்துக்கு நாலு முறை போன் செய்து திட்டும் எண்ணூர் யார்டு சிவப்பு. ஆறு மாதமாக வாயே திறக்காத திருவொற்றியூர் யார்டுக்குத் தொண்ணூற்றாறு, முதல் ரேங்க்.

ஒப்பந்தம் புதுப்பிக்க ஒரு மாதம் இருந்தபோது, அந்த முதல் ரேங்கிடமிருந்து மெயில் வந்தது: எங்கள் டேட்டா முழுவதையும் எடுத்துத் தர முடியுமா? ஜாதகத்தைத் திருப்பிக் கேட்பதும் இதுவும் ஒன்றுதான்.

விடுவதாக இல்லை. பதிவுகளைத் தோண்டினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, நேரம்தான் உதைத்தது. பகலெல்லாம் ஒன்றுமில்லை, மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரத்தில் நூற்றிருபது லாரி. ஒரே கேட்டில் அத்தனை லாரி எப்படி நுழையும்? மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

கேட் கிளார்க் லாரி நம்பர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் மேல் அவருடைய துண்டு காய்ந்தது.

"லாரிக்கு கேட் பாஸ் அடிச்சா இந்த கம்ப்யூட்டரு நின்னு பூடுதும்மா. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினு கீறான். அதான் நோட்ல எழுதி, சாயங்காலம் மொத்தமா ஏத்திடுறேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணே?"

"பண்ணிப் பண்ணி பேஜாராயி வுட்டுட்டேன். பாக்குறோம் பாக்குறோம்னு ஒரு பொண்ணு சொல்லிக்கினே இருந்துச்சி."

அந்தப் பொண்ணு நான்தான். வெட்கமாக இருந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நான் அழுது ஓய்ந்த பிள்ளைக்கு முழு மார்க் போட்டிருந்தேன். பணமோ, கேட்டில் நடப்பது தெரியாத அவர்களுடைய பாரிமுனை ஹெட் ஆபீசிலிருந்து தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மூன்று நாள் அந்த கேட்டிலேயே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாஸுக்கும் பழைய பதிவுகள் அத்தனையையும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தது எங்கள் மென்பொருள். எங்கள் புரோகிராமரைப் போனிலேயே விரட்டிச் சரிசெய்ய வைத்தேன். பிறகு மார்க் ஷீட்டைத் திருத்தினேன்: பதிவுகள் பகல் முழுக்கப் பரவி வந்தால்தான் மார்க், வழக்கமாகக் கூப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் மார்க் போகும். எண்ணூர் பச்சைக்கு வந்தது, திருவொற்றியூர் சிவப்புக்கு இறங்கியது.

ஒப்பந்தம் முடிய நாலு நாள் இருந்தபோது போன் அடித்தது. கேட் கிளார்க்தான். "இன்னாம்மா இது, பாஸ்ல நம்பரு இத்தினிக்கூண்டு வருது! எவன் கண்ணுக்குத் தெரியும்?"

புகாரை எழுதிக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன். "சார், திருவொற்றியூர் திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இனி போகமாட்டாங்க."

போகவில்லை. நானும்தான்.