வெயில்தான் சரியில்லை

என் மனைவிக்குத் தொழில், மின்கருவிகளுக்குப் பெட்டி வரைவது. கம்ப்யூட்டரில் வரைந்து, வீட்டிலிருக்கும் 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கை உருக்கி இழை இழையாக அடுக்கி எடுப்பாள். அடக்கம் என்பது அவள் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காது. “என் பெட்டியில குறை கண்டுபிடிக்கிறவன் இனிமேதான் பொறக்கணும்” என்பாள். கண்டுபிடித்திருந்தாலும் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் கிடையாது.

அவளுடைய அண்ணன் கோழிக்குஞ்சு பொரிக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். முட்டைச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலருக்கு ஒரு பெட்டி கேட்டார். ஆயிரத்து இருநூறு முட்டைகள் அதை நம்பி இருந்தன.

பிரமாதமாக வரைந்தாள். குளிர்காற்று நுழைய அடியில் துளைகள், சூடு மேலெழுந்து வெளியேற உச்சியில் துளைகள். சர்க்யூட் போர்டு பெட்டியின் தரையில் படாமல் நிற்க நான்கு குட்டித் தூண்கள். சுவரில் திருக நான்கு காதுகள். பிளாஸ்டிக் மட்டும் பிஎல்ஏ. அச்சடிக்கும்போது வளையாது, சொன்னபடி கேட்கும், என்னைப் போல. அறுபது டிகிரியில் இளகிவிடும், அதுவும் என்னைப் போலத்தான். அவள் அதைச் சோதித்தது எங்கள் ஏசி அறையில்.

இரண்டு வாரம் கழித்துக் கொட்டகைக்குப் போனோம். மதியம். பெட்டி, மேற்கு வெயில் காயும் தகரச் சுவரில் தொங்கவில்லை. கீழே இருந்த மரச்சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. தகரச் சூடும் உள்ளே இருந்த மின்சூடும் சேர்ந்து காதுகளை இழுத்துவிட்டன. சரிந்ததில் அடித்துளைகள் சட்டத்தோடு ஒட்டி அடைத்துக்கொண்டன. காற்று நின்றது, சூடு ஏறியது, ஏற ஏறப் பெட்டி இன்னும் குழைந்தது, உள்ளே கன்ட்ரோலரும் தடுமாறியது.

அண்ணன் அதன் மூடியைக் கழற்றி வைத்து, மேசை விசிறியைத் திருப்பிவிட்டு, தெர்மாமீட்டரும் ஹீட்டர் சுவிட்சுமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“எத்தனை நாளா இப்படி?” என்றாள்.

“ஆறு நாளாச்சும்மா.”

“எனக்கு ஒரு போன் போட்டா என்னவாம்?”

“உன் பெட்டி நல்லாத்தான் இருக்கு. வெயில்தான் சரியில்ல.”

அவள் வெர்னியர் அளவுகோலை எடுத்துத் தொங்கிப்போன காதை அளந்தாள். அளந்துகொண்டே அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பெட்டி நூறு டிகிரிக்குக் கிட்டே தாங்கும் ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக்கில் வந்தது. காதுகள் தடித்தன, தகரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. எதிர்பாராமல் சரிந்தாலும் அடைபடாதபடி துளைகள் பக்கவாட்டில் கீழே நகர்ந்தன. அதை ஜன்னல் மூடிய எங்கள் காரில், சுவரில் தொங்குவதுபோல ஒரு பலகையில் திருகி, மூன்று மதியம் வெயிலில் வைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். அந்த மூன்று நாளும் நான் பஸ்ஸில் போனேன்.

முட்டைகளில் ஆயிரத்து நாற்பது பொரிந்தன. பழைய பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னாள். அண்ணன் போடவில்லை. அது இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், நிழலான சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம், “என் தங்கச்சி செஞ்சது” என்கிறார்.