ஆர்தர் கிராணியின் கடைசி வரி

ஆர்தர் கிராணி தனக்கென்று கேட்ட பொருள் வாழ்க்கையில் அதிகம் இல்லை. தோட்டத்துக்காகக் கேட்டதோ ஏராளம். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, மண்சாலையில் அரைமணி நேரம் லோரியில் ஏறினால் வரும் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தா, தோட்டத்துப் பேச்சில் கிராணி; தட்டச்சும் அவர்தான். உரம், தகரம், தொழிலாளர் லயத்துக்குக் குழாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பால்மாவு எல்லாவற்றையும் கோலாலம்பூர் தலைமை ஆபீசிடம் கேட்டு எழுதியது அவருடைய பத்து விரல்கள். எந்தக் கடிதமானாலும் கடைசி வரி ஒன்றே: ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் பேக்.’ தேவையானதைச் செய்து பதில் தரவேண்டுகிறோம் என்று அதற்கு அர்த்தம்.

அந்த வரி அவர் கண்டுபிடித்ததல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய கிராணி ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, “இதப் பார்த்து அடி. சொந்தமா ஒண்ணும் எழுதாத” என்றார். அதில் எல்லா வகைக் கடிதத்துக்கும் மாதிரி இருந்தது. வெள்ளைக்காரத் துரையிடம் இன்னதைச் செய் என்று ஒரு கிராணி எழுத முடியாது. என்ன தேவையென்று துரைக்கே தெரியும் என்ற பாவனையில் எழுத வேண்டும். வெள்ளைக்காரர்கள் போனார்கள். தமிழ்த் துரை சுப்பிரமணியம் வந்தார். பாவனை மட்டும் அங்கேயே இருந்தது.

எண்பத்து மூன்று மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஆர்தருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. அன்றோடு வேலை போகும். வேலையோடு குவாட்டர்ஸும் போகும். தோட்டத்து வழக்கம் அப்படி. மூத்த பையன் மலைக்குக் கீழே பீடோரில் இருந்தான், அங்கே போய்விடலாம். ஆனால் மகள் கத்தரீன் தானா ராத்தாப் பள்ளியில் ஐந்தாம் படிவம். நவம்பரில் அரசாங்கப் பரீட்சை. நடு வருஷத்தில் பள்ளி மாற்றினால் பிள்ளை என்ன ஆவாள் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கவலை. பரீட்சை முடியும்வரை வீட்டில் இருக்க அனுமதி வேண்டும். எட்டு மாதம், அவ்வளவுதான்.

டிசம்பரிலேயே துரையிடம் வாயால் சொன்னார். “வீட்டு விஷயம் என் கையில இல்ல ஆர்தர். ஹெட் ஆபீசுதான். எழுதிக் குடுங்க, நான் அனுப்புறேன்” என்றார் துரை. ஜனவரி முதல் வாரம் ஆர்தர் எழுதினார். தன்னுடைய நீண்ட சேவை, ஓய்வுபெறும் தேதி, தற்போது தான் குடியிருக்கும் வீட்டின் எண். ‘மேற்படி வீடு குறித்தும் என் குடும்பச் சூழ்நிலை குறித்தும் தயைகூர்ந்து தேவையானதைச் செய்து பதில் தரவேண்டுகிறேன்.’ அதற்கு மேல் துரையின் குறிப்பு: ‘தங்கள் அவசிய நடவடிக்கைக்கு.’ அந்தக் குறிப்பையும் ஆர்தரே அடித்து, துரையிடம் கையெழுத்து வாங்கினார்.

அதே மாதம் தலைமை ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தோட்டங்களிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்கள் மோசமாக இருக்கின்றன, கிராணிகளுக்கு வகுப்பு நடத்துங்கள் என்று. துரை பத்மா டீச்சரை ஏற்பாடு செய்தார். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்து கத்தரீனின் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவர். முப்பது வயதுகூட இருக்காது. சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் வகுப்பு. மாணவர் இருவர்: ஆர்தர், இரண்டாம் கிராணி தங்கராஜு.

பிப்ரவரியில் இரண்டாவது வகுப்பு. டீச்சர் கேட்டபடி தங்கராஜு பல வருஷக் கோப்புகளிலிருந்து கார்பன் நகல்கள் கொஞ்சம் உருவி வைத்திருந்தான். பெயரும் கையெழுத்தும் தெரியாமல் மேலே காகிதத் துண்டு ஒட்டியிருந்தான். வெளியே பனிமூட்டம் இறங்கி, தேயிலைச் செடி பத்து வரிசைக்கு மேல் தெரியவில்லை.

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். “டிஸ்கஸ் அபௌட்னு இருக்கு. அந்த அபௌட் வேணாம். டிஸ்கஸ்னாலே ஒண்ணைப் பத்திப் பேசுறதுதான். என்க்ளோஸ்ட் ஹியர்வித்... தப்பில்ல. ஆனா உள்ள வச்சிருக்கேன்னு சொன்ன பிறகு இத்தோடன்னு எதுக்கு?”

“மரியாதைக்கு டீச்சர்” என்றான் தங்கராஜு.

“யாருக்கு மரியாதை? கவருக்கா?”

தங்கராஜு சிரித்தான். ஆர்தர் சிரிக்கவில்லை.

“அடுத்தது ரிவர்ட் பேக். ரிவர்ட்னாலே பழைய நிலைக்குத் திரும்புறது. பேக் சேர்த்தா திரும்பித் திரும்புற மாதிரி. அது தப்பு. பதில் போடுங்கன்ற அர்த்தமே அந்தச் சொல்லுக்கு இல்ல. நம்ம பக்கம் ஆபீசுல எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க, நான் பாக்குற அகராதியில இல்ல. ரிப்ளைன்னு எழுதினா ஒண்ணும் கொறஞ்சு போகாது.”

“அப்ப நீட்ஃபுல்?” ஆர்தர் முதல் முறையாக வாய் திறந்தார். முப்பத்தொரு வருஷக் கேள்வி அது.

“இலக்கணத்துல ஒரு குத்தமும் இல்ல சார். பழைய இங்கிலீஷ். வெள்ளைக்காரங்களே ஒரு காலத்துல எழுதினதுதான். அவங்க விட்டுட்டாங்க, நாம விடல. அவ்வளவுதான்.”

ஆர்தர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். அதற்குள் டீச்சர் அடுத்த நகலை எடுத்து ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார்.

“இதையே பாருங்களேன். இதுல இலக்கணப் பிழை ரெண்டே ரெண்டுதான். ஆனா இந்த மனுசனுக்கு என்ன வேணும்?”

தங்கராஜு எட்டிப் பார்த்தான். “ரிட்டயர் ஆகப்போறாரு டீச்சர். வீட்ட ஒப்படைக்கணும்னு சொல்றாரு போல.”

“இல்ல ரிப்பேர் பண்ணணுமா? வீட்டு நம்பர் இருக்கு, தேதி இருக்கு. குடும்பச் சூழ்நிலைன்னா என்ன சூழ்நிலை? எதச் செய்யணும், யாரு செய்யணும், எப்பக்குள்ள? ஒண்ணுமே இல்ல. தேவையானதுன்னா கேக்குறவனுக்குத் தேவையானதா, படிக்கிறவனுக்குத் தேவையானதா?” டீச்சர் காகிதத்தைத் திருப்பி வைத்தார். “இந்த வரி தப்பில்ல. ஆனா இந்த வரி வந்தா மேல எழுதவேண்டியத எழுத மறந்துடுறாங்க.”

ஒட்டிய துண்டுக்குக் கீழே யார் பெயர் இருக்கிறதென்று அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். எந்த வருஷத்து நகல், யாருடையது என்று பாராமல் கட்டாக உருவிய தங்கராஜு, எப்போதோ போன கிராணியுடையது என்று நினைத்தான். ஆர்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனியில் மங்கியது போல் பாவனை.

வீட்டில் மனைவி அற்புதம்மாள் சோற்றை எடுத்து வைத்தபடி, “டீச்சர் என்ன சொன்னாங்க? ஒங்க இங்கிலீஷ் நல்லாருக்காமா?” என்று கேட்டாள்.

“இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்காம்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்புடி?”

“அற்புதம், ஜனவரியில எழுதினேனே, அதுல நான் ஒண்ணுமே கேக்கல.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். “புள்ள படிப்பப் பத்தி எழுதலையா?”

“எழுதல. எட்டு மாசம்னு எழுதல. இருக்க விடுங்கன்னும் எழுதல.”

“ஏங்க! ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்த மனுசன்...” அவள் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். “சரி, இப்ப எழுதுங்களேன். என்ன கெட்டுப்போச்சு?”

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து உட்கார்ந்தார். ‘என் மகளின் பரீட்சை முடியும்வரை, நவம்பர் முப்பதாம் தேதிவரை, இந்த வீட்டில் இருக்க அனுமதி கேட்கிறேன்.’ இந்த ஒரு வாக்கியத்துக்கு மதியம் முழுக்கப் போயிற்று. ‘ஐ ரிக்வெஸ்ட்’ என்று தொடங்கும் ஒவ்வொரு தடவையும் யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. தனக்கு வேண்டியதைத் தன் வாயால் சொல்வது இத்தனை பாரமென்று அவருக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. கேட்காதவனுக்கு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அந்த வரியில் இத்தனை நாள் அவர் கண்ட சுகம் அதுதானோ என்னவோ.

திங்கட்கிழமை காலை லோரி ரிங்லெட்டிலிருந்து தபால் பையைக் கொண்டுவந்தது. பையைப் பிரிப்பதும் அவர் வேலை. மூன்றாவது உறையில் அவருடைய ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் இருந்தது.

‘தங்கள் கடிதம் கிடைத்தது. தேவையான நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. வீட்டை மார்ச் முப்பத்தொன்றில் ஒப்படைக்கவும். ஏப்ரல் ஐந்து முதல் அது புதிய கிராணி திரு. நல்லுசாமிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.’

அவர்கள் செய்ததில் குறை இல்லை. ஒரு கிராணி ஓய்வுபெறுகிறான், தேதி சொல்கிறான், வீட்டு எண் சொல்கிறான், தேவையானதைச் செய் என்கிறான். ஆபீஸ் அவர்களுக்குத் தெரிந்த தேவையைச் செய்துவிட்டது.

ஆர்தர் ஞாயிற்றுக்கிழமை எழுதியதை அப்படியே அடித்தார். கடைசியில் கை தானாகக் ‘கைண்ட்லி’ என்றது. தாளை உருவி எறிந்துவிட்டு வேறு தாள் போட்டு அடித்தார். துரை படித்து நிமிர்ந்தார்.

“இத ஜனவரியிலயே எழுதியிருக்கலாமே ஆர்தர்.”

“தொரைக்குத் தெரியும்தானே.”

“எனக்குத் தெரியும்லா. கோலாலம்பூருக்கு எப்படித் தெரியும்?” துரை கையெழுத்துப் போட்டார். இந்த முறை குறிப்பைத் தாமே பேனாவால் எழுதினார்: ‘நான் பரிந்துரைக்கிறேன்.’

பத்து நாளில் பதில் வந்தது. அவர் அதுவரை வாங்கியதிலேயே தெளிவான கடிதம் அதுதான். நான்கு வரி. இயலாது. நல்லுசாமி கீழ்நாட்டுத் தோட்டத்தில் தன் வீட்டை விட்டுவிட்டார், சின்னப் பிள்ளைகள் மூன்று பேர். இந்த விண்ணப்பம் ஜனவரியில் வந்திருந்தால் பரிசீலித்திருக்க முடியும். வருந்துகிறோம்.

அற்புதம்மாளுக்கு அவர் அதைத் தமிழில் படித்துச் சொன்னார். அவள் அழவில்லை. “இந்த மட்டும் நேராச் சொன்னானே” என்றாள். பிறகு பெட்டியைக் கட்டத் தொடங்கினாள்.

ரிங்லெட்டில் காய்கறிக் கடைக்கு மேல் ஓர் அறை கிடைத்தது. முட்டைக்கோசும் ஈரமண்ணும் நாறும். கத்தரீனும் தாயும் அங்கே இருந்துகொள்வது, ஆர்தர் பீடோரில் மகனோடு தங்கி ஒரு மரக்கடையில் எழுத்து வேலை பார்ப்பது, மாதம் ஒருமுறை மேலே வருவது என்று முடிவாயிற்று. முப்பது வருஷத்தில் புருஷனும் பெண்சாதியும் பிரிந்திருக்கப் போவது அதுவே முதல் தடவை. பிள்ளை பள்ளி மாறவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவர்களிடம் தெம்பில்லை.

மார்ச் கடைசியில் நல்லுசாமி பொறுப்பேற்க முன்கூட்டியே வந்தார். நாற்பது வயது, பணிவான மனிதர். வீட்டைக் காட்டிவிட்டு ஆர்தர் ஆபீசில் உட்கார்ந்து கடைசிக் கடிதத்தை அடித்தார். ‘குவாட்டர்ஸ் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அரை அங்குலக் குழாய் ஒன்று வேண்டும். திரு. நல்லுசாமி குடும்பம் ஐந்தாம் தேதி வருகிறது. அதற்கு முன் அனுப்பவும்.’

நல்லுசாமி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். “ஐயா, மன்னிக்கணும். கடைசி வரி விட்டுப்போச்சே.”

“எது?”

“டூ த நீட்ஃபுல்.”

ஆர்தர் திரும்பி அவரைப் பார்த்தார். டீச்சர் சொன்னதையெல்லாம் சொல்லலாம். ஜனவரிக் கடிதத்தின் நகலைக்கூட எடுத்துக் காட்டலாம். அடுத்த அலமாரியில்தான் இருந்தது. காட்டினால் இந்த மனிதருக்குத் தான் வரப்போகும் வீட்டின் கதை தெரிந்துபோகும்.

“ஒங்க வீட்டுக் குழாய்” என்று நாற்காலியிலிருந்து எழுந்தார். “வேணும்னா போட்டுக்குங்க. ஆனா மேல இருக்குறதுல ஒண்ணயும் அழிச்சிடாதீங்க.”

அவர் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னால் தட்டச்சு ஓசை கேட்டது. நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக. எந்த வரி என்று அவருக்குத் தெரியும். அவர் வீட்டுச் சாமான் ஏற்ற லோரி நின்றுகொண்டிருந்தது.