பதினொரு முட்டைகளோடு சந்தைக்குப் போனேன்

“…கொண்டையைப் பார்க்காதீங்க தம்பி, அது வெயிலுக்கு வெளுத்திட்டு. நாளைக்கே முட்டை போடும்!”

கிரான் சந்தையில் கோழி விற்ற அக்கா ஓர் இளைஞரிடம் இப்படிச் சொன்னார். அக்காவின் கையில் ஒரு சிவப்புக் கோழி இருந்தது. கொண்டை வெளிறி, இறகு சிலிர்த்து, கொக் கொக் என்று முனகியது. நான் அந்தக் கோழியையே பார்த்தேன்.

“முட்டை என்ன விலை?” என்று அந்த இளைஞர் என் கூடையைக் காட்டிக் கேட்டார். வழியில் நாலு பேர் அதையே கேட்டார்கள்.

“விற்கிறதுக்கு இல்ல” என்றேன்.

அன்று காலை ஒரு கீரி என் அடைக்கோழியைக் கொன்றது. அதன் கீழே பதினொரு முட்டைகள், பத்து நாள் அடைகாத்தவை. சூடு போனால் குஞ்சுகள் செத்துவிடும். முட்டைகளை உமியில் வைத்து, துணியால் மூடி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

“அக்கா, அடைக்கோழி இருக்குதா?”

அக்கா இளைஞரைப் பார்த்தார். என் கூடையைப் பார்த்தார். பிறகு ஒரு முட்டையை எடுத்துத் தன் மூடிய கண்ணிமையில் வைத்தார். “இன்னும் சூடு இருக்கு.” கையைக் குழாய்போல் மடக்கி, அதன் வழியே முட்டையை வெயிலுக்கு எதிரே பார்த்தார். எனக்கும் காட்டினார். உள்ளே கரும்பொட்டு ஒன்று அசைந்தது. சுற்றிலும் சிவப்பு நரம்புகள்.

“உயிர் இருக்கு புள்ள.”

சிவப்புக் கோழியின் கால் கட்டை அவிழ்த்தார். வைக்கோல் போட்ட பெட்டியில் அதை இருத்தி, அந்த முட்டையை முன்னால் வைத்தார். மூன்று பேரும் சற்றுப் பின்வாங்கி நின்றோம். கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது. அலகால் முட்டையை மெல்ல இழுத்தது. வயிற்றுக்குக் கீழே தள்ளியது. இறகைப் பரப்பி உட்கார்ந்தது.

“என்னக்கா, நாளைக்கு முட்டை போடும் எண்டீங்களே?” என்று இளைஞர் சிரித்தார். “அடைக்கோழி மாதக்கணக்கா முட்டை போடாதே!”

“நாளைக்கு எதுக்குத் தம்பி? இண்டைக்கே கீழ ஒண்டு கிடக்கு, பாருங்க!”

அக்கா சொன்ன விலையைக் கொடுத்தேன். மற்ற முட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கோழியின் கீழே வைத்தோம்.

“துணியால மூடு. இருட்டு இருந்தாத்தான் எழும்பாது. வீட்டிலயும் இருட்டு மூலையில வை, இண்டைக்குத் தொடாத” என்றார் அக்கா.

பஸ் நிற்கும் இடம் தூரம். வெயில் கொளுத்தியது. பெட்டியைத் தூக்கினேன்.

“நில்லு புள்ள” என்றார் அக்கா. “தம்பி, என்ட கோழிகளைக் கொஞ்சம் பாருங்க, இந்தா வாறன்.”

நிலத்தில் நட்டிருந்த தன் பெரிய குடையைப் பிடுங்கினார். அதைக் கோழிப் பெட்டிக்கு மேலே பிடித்தபடி, பஸ் நிற்கும் இடம் வரை என்னோடு நடந்து வந்தார்.