ஐம்பது கிராம் கொலுசு

கும்மிடிப்பூண்டியில் ஒரு வெள்ளிக் கடைக்காரரை, நாலு பேர் நடுவே, திருடன் என்று கத்தினேன். அவர் திருடவில்லை.

மருமகளுக்கு ஐம்பது கிராம் கொலுசு வாங்கினேன். அன்றைய சுத்த வெள்ளி விலை கிராம் நூறு ரூபாய். ஐயாயிரம்தானே ஆகும்? பில்லில் ஐயாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு. என் கூச்சலில் மூன்று வாடிக்கையாளர்கள் எழுந்து போனார்கள்.

வீட்டில்தான் பில்லை ஒழுங்காகப் படித்தேன். கொலுசில் 925 ஹால்மார்க், அதாவது ஆயிரத்தில் 925 பங்குதான் சுத்த வெள்ளி. அதனால் வெள்ளிக்குத் தொண்ணூற்றிரண்டரை சதவீத விலைதான் போட்டிருந்தார்: 4,625. செய்கூலி ஆயிரம். இரண்டுக்கும் சேர்த்து மூன்று சதவீத வரி. நான் நினைத்ததைவிட வெள்ளிக்குக் குறைவாகவே வாங்கியிருந்தார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அது போதாதென்று, ஞாயிறுதோறும் கடையில் உட்கார்ந்து வருபவர்களுக்குப் பில்லை விளக்கினேன்.

இரண்டாம் ஞாயிறு ஓர் அம்மா கவனமாகக் கேட்டுவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினார். "அப்போ வெள்ளி வெலைய கொறைக்க முடியாது, கூலியத்தான் கொறைக்கணும். இன்னாண்ணா, பாதி போட்டுக்கோ!"

பின்னால் நின்றவர்களும் பாதிக் கூலிதான் கேட்டார்கள்.

கடைக்காரர் என்னை வாசலுக்கு அழைத்துப் போய்க் கைகூப்பினார். "சார், நீங்க திருடன்னு கத்திக்கினு இருந்ததே தேவல. தயவுசெஞ்சு ஊட்டுக்குப் போங்க."