மேடைக்கு வரமாட்டேன் என்ற மணப்பெண்ணும் அவளுடைய பொம்மையும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கல்யாண ஸ்டூடியோவில் நான் சேர்ந்த புதிது. அனிமேஷன் பொம்மை செய்யத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி நம்பிவிட்டார். கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு மணப்பெண்ணின் போட்டோவிலிருந்து, வரவேற்பு மேடைத் திரையில் கைகூப்பும் பொம்மைப் பெண்ணைச் செய்து தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

எந்த முகமும் முதலாளியின் 'டச்சப்' இல்லாமல் என் மேசைக்கு வராது. மரு, தழும்பு, தோலின் நுண்குழிகள் எல்லாம் துடைக்கப்படும். நிறம் இரண்டு படி ஏறும். இரண்டு கண்ணிலும் நட்டநடுவே ஒரு வெள்ளைப் புள்ளி விழும். ஆதார் அட்டையில்கூட ஆளை அடையாளம் தெரியும், எங்களிடம் தெரியாது. அந்தப் படத்தை அப்படியே பார்த்துச் செய்தேன். தோலுக்குள் வெளிச்சம் ஊடுருவும் அளவை வேறு ஆசைதீர ஏற்றிவைத்தேன்; முகம் மெழுகுபோல ஆனது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்த மணப்பெண் அக்கா பொம்மையைப் பார்க்க வந்தார். திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, மாலை போட்டு ஊதுபத்தி ஏத்திடலாமா?"

முதலாளி, கலரை இன்னும் கொஞ்சம் ஏத்தினால் சரியாகிவிடும் என்றார்.

"இது மேடைக்கு வந்தா நான் வர்ல. இதுக்கே தாலி கட்டச் சொல்லுங்க."

முதலாளிக்கு உடனே டீ குடிக்க வேண்டியிருந்தது. நான் அக்காவைக் கடைவாசலில் உட்காரவைத்து, என் போனில் படம் எடுத்தேன். டச்சப் இல்லாத அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். சிரித்தால் இடது இமை கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. மூக்கு நுனி மினுங்கியது, கன்னம் மினுங்கவில்லை. கண்ணில் வாசல் வெளிச்சம் நடுவில் இல்லை. மேலே, ஓரமாக விழுந்திருந்தது.

அதையெல்லாம் பொம்மைக்குக் கொடுத்தேன். ஒளி ஊடுருவலைக் குறைத்து நுண்குழிகளைத் திரும்ப வைத்தேன். மினுக்கத்தை இடத்துக்கு இடம் மாற்றினேன். காது மடலில் மட்டும் லேசாகச் சிவப்பு. பொம்மை என்பதால் முகத்துக்குக் கண் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் மேலிமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சம் மூடியது, அதன் நிழல் வெள்ளையில் விழுந்தது, கீழிமை ஓரம் ஈரமாக இருந்தது. பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்காமல் அவ்வப்போது துளி நகர்ந்தது. நிறம் அக்காவுடையதே. முதலாளி திரும்பி வந்து கலர் கம்மியாக இருக்கிறதே என்றார். அக்கா போனில் பார்த்துவிட்டு, மேடைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

வந்தார். ஆனால் எங்களுக்கு முன்பே பியூட்டி பார்லர் வேலையை முடித்திருந்தது. மேடையில் சுண்ணாம்பு அடித்தது போல ஒரே வெள்ளை முகம்; மூக்கும் கன்னமும் ஒன்றுபோல் வழவழப்பு. திரையில் பொம்மை இமை இறங்கச் சிரித்தது.

முன்வரிசையில் ஒரு பெரியம்மா கேட்டார்: "இதுல எதும்மா நம்ம பொண்ணு?"

அக்கா திரும்பித் திரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பையிலிருந்த கைக்குட்டையை உருவி, கன்னத்தை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார். வீடியோ எடுப்பதை நிறுத்தச் சொல்லி முதலாளி ஓடினார். துடைத்த கன்னத்தை ஆல்பத்தில் சரிபண்ணிக்கொள்ளலாமாம்.