தலைகீழாக மாட்டிய கம்பி

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், இருபது நிமிடம் ஏதாவது பேசுங்கள் என்று அதிபர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹட்டனில் இருந்த சின்னத் தொழிற்பயிற்சிக் கூடத்தில் அப்போது நான் விரிவுரையாளர். கடைத்தெரு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இந்தியாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த மிதப்பு தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது. கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பாலமும் கிரேனும் எதற்கு என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை, அதிபரிடம் வாய்விட்டும் சொன்னேன். அவர், இருபது நிமிடம்தானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டயகம பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து லொறியில் வந்து இறங்கினார்கள். முப்பது பிள்ளைகள், ஒரு வாத்தியார். வாத்தியார் என்னைக் கண்டதும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார் பாருங்கள், எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறிக்கொண்டது.

பேச்சை விளக்குமாற்று ஈர்க்கில் ஆரம்பித்தேன். ஈர்க்கின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். அறுகிறதா? இல்லை. அதே ஈர்க்கை இரண்டு முனையிலும் பிடித்து உள்பக்கமாக நெருக்கினேன். வில்லாக வளைந்தது. "இழுபடுறது மெல்லிசா இருந்தாலும் போதும். அதுக்குப் பேரு இழுப்பு. நெருக்குப்படுறது தடிமனா, விறைப்பா இருக்கணும். அதுக்குப் பேரு முட்டு. எது இழுப்பு, எது முட்டுன்னு தெரியலையா? அதைக் கழட்டிட்டு அங்க ஒரு கயித்தைக் கட்டிப் பாரு. கயிறு தாங்கினா அது இழுப்பு. கயிறு தொளதொளன்னு ஆகி எல்லாம் சரிஞ்சா அது முட்டு." நன்றாகத்தான் சொன்னேன். அதை மறுக்க மாட்டேன்.

பிறகு ரயில் பாலம். இரண்டு கரையிலும் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பாலத்தின் மேல் ரயில் ஏறினால் பாலம் நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது அதன் மேல் வரிசை நெருக்குப்படும், கீழ் வரிசை இழுபடும். பிறகு கிரேன். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கையைக் கரும்பலகையில் போட்டேன். கையின் நுனியிலிருந்து சாய்வாக மேலே போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய கம்பி ஒன்றையும் போட்டேன். நுனியில் மூட்டையைத் தொங்கவிட்டால் கம்பி இழுபடும், மரக்கை சுவரை நோக்கி நெருக்குப்படும். கம்பி இழுப்பு, மரம் முட்டு. முடிந்தது, கையைத் தட்டுங்கள் என்று சொல்லப் போன நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்.

"சார், எங்க பெக்டரில கம்பி கீழே இருக்குங்க சார்."

"எங்கே கீழே?"

"கைக்குக் கீழே சார். மாடிக்குக் கொழுந்துச் சாக்கு ஏத்துற கிரேன்ல, விரல் தடிமன் இரும்புக் கம்பி."

வந்து வரை என்றேன். வந்தது. மரக்கையைப் போட்டது. அதன் நுனியிலிருந்து கம்பியைச் சாய்வாகக் கீழே சுவருக்கு இழுத்தது. அந்தக் கோடு வளைந்திருந்தது.

"என்னம்மா, கை நடுங்கிருச்சா? கம்பி மேல இருக்கணும், நீ கீழ போட்டிருக்க. நேரா இருக்கணும், கோணலா போட்டிருக்க. பெக்டரிய நீ குட்டிக்கரணம் போட்டுக்கிட்டே பாத்தியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார், மனுசன்! அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"அப்படித்தான் சார் வளைஞ்சிருக்கு. எங்கப்பா அதுக்குக் கீழ நின்னுதான் சாக்கு மாட்டுறாரு. நாளைக்கு மெசின் சாமான் ஏத்தப் போறாங்களாம்."

"உலகத்தில எவனும் அப்படி மாட்ட மாட்டான். போய் உக்காரு." டஸ்டரை எடுத்து அந்தப் படத்தை அழித்தேன். வாத்தியார் வேறு ஓடிவந்து, "தோட்டத்துப் புள்ளைங்க, மன்னிச்சுக்குங்க சார்" என்றார். மன்னித்தேன். என்ன பெரிய மனசு எனக்கு!

லொறி போன பிறகு மேசையை ஒழுங்குபடுத்தினேன். ஈர்க்கு கையில் அகப்பட்டது. சும்மா இரண்டு விரலுக்கிடையில் வைத்து நெருக்கினேன். வளைந்தது. அந்தப் பிள்ளை போட்ட வளைந்த கோடு கண்ணில் வந்து நின்றது.

இழுபடும் கம்பி வளையாது. அது நெருக்குப்பட்டால்தான் வளையும். கைக்குக் கீழே கம்பி இருந்தால் அது முட்டு. விரல் தடிமன் கம்பியை முட்டாக வைத்திருக்கிறார்கள், அது ஏற்கெனவே வளைய ஆரம்பித்துவிட்டது. அந்தப் பிள்ளை கண்ணால் கண்டதைப் பிசகாமல் வரைந்திருக்கிறது. கூமுட்டை, அதை அழித்தவன் நான். இத்தனைக்கும் அன்று அந்த அறையில் பாடம் புரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். எனக்கே புரியவில்லை, மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். சாக்கு வரைக்கும் தாங்கிய கம்பி மெசின் சாமானுக்குத் தாங்குமா? கீழே நிற்பவன் அந்தப் பிள்ளையின் தகப்பன்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இறங்கி ஏறிய மேட்டில் மூச்சு வாங்கியது. ஐயோ, ஏற்றிவிட்டார்களோ, ஏற்றிவிட்டார்களோ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பெக்டரி முற்றத்தில் மெசின் உருளை ஒன்று தரையிலேயே இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். மாடிக் கதவுக்கு வெளியே மரக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கம்பி இல்லை. அந்த இடத்தில் தொடை தடிமனில் ஒரு மரக்கட்டை சாய்வாக நின்றது. இரண்டு முனையையும் செதுக்கி உட்காரவைத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். புதுமரம், வெட்டின வாசனை கூடப் போகவில்லை. இதைவிட ஒழுங்காக நானும் மாட்டியிருக்க மாட்டேன்.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் வெளியே வந்தார். பெக்டரியே தன் தகப்பன் வீட்டுச் சொத்து என்கிற நடை அவருக்கு. நான் யார் என்று சொன்னதும் அந்த நடை மாறிவிட்டது.

"அடடே, சாரா! வாங்க வாங்க. கூரை மாத்தினப்போ கதவுக்கு மேல கம்பி மாட்ட இடமில்லாமப் போச்சுங்க. அதே சாமான்தானே, தலைகீழா மாட்டினா என்னன்னு ஆசாரி மாட்டிட்டான். நானும் சரின்னுட்டேன். நல்லவேளை, நீங்க சொல்லி அனுப்புனீங்க."

"நானா?"

சாக்கு மாட்டுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒல்லியான மனிதர்.

"நம்ம புள்ளைகிட்டதாங்க சொல்லி விட்டீங்க. நேத்து லொறிய விட்டு இறங்கி நேரா இங்கதாங்க ஓடிவந்துச்சு. கயிறு கட்டினா தாங்காத இடத்தில கம்பி இருக்கக் கூடாது, தடிச்ச மரம்தான் இருக்கணும், மாத்துற வரைக்கும் யாரும் கீழ நிக்கக் கூடாதுன்னு காலேஜ் சார் கண்டிப்பா சொன்னாருன்னு சொல்லுச்சு. அது தானா சொல்லியிருந்தா எவன் கேப்பான்? நீங்க சொன்னதுனால ஐயா உடனே ஆசாரியக் கூப்பிட்டாருங்க."

நான் அந்த மரக்கட்டையை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தேன். டீமேக்கர் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். பெரியவர்களுக்கு எடுத்துவைக்கும் கோப்பையில் வந்தது.

"புள்ள வரைஞ்ச படத்த எல்லாருக்கும் காட்டி, கெட்டிக்காரின்னு சொன்னீங்களாமே சார்?" என்றார் அந்தத் தகப்பன். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாம், சொன்னேன்" என்றேன்.